தாணுவுக்கு, 'மூதி' விஷயமாக

பாறசாலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாணு,

உன் அகராதிக் கையெழுத்துப்படிக் கட்டு கைக்கு வந்து மாசம் ஒன்று தாண்டியும் பதில் போடாததற்கு நீ என்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்று தெரியும். அந்தச் சொல்லும் உன் வட்டார அகராதியில் 'எ' எழுத்தில் இருக்கிறது, பார்த்தேன். வீட்டில் எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை. ராஜப்பன் அண்ணன் அதே ராஜப்பன் அண்ணன்தான். செய்தி முடிந்தது, இனி சண்டை.

'மூதி'க்கு நீ ஒதுக்கியிருப்பது ஒரு வரி: "வசைச்சொல். மூதேவி என்பதன் மரூஉ." அவ்வளவுதான். அவியலுக்குக் காய் நறுக்குகிற நீளத்துக்கே அரைப்பக்கம் எழுதியவனடே நீ! மரூஉ என்றது சரி. ஆனால் 'வசைச்சொல்' என்ற முத்திரையை ரேஷன் கார்டில் குத்துகிறமாதிரி எல்லாவற்றிலும் குத்திக்கொண்டே போயிருக்கிறாய். மூதி, சவம், செற்ற எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. வெளியூர்க்காரன் ஒருவன் இதைப் படித்துவிட்டு நம் ஊருக்கு வந்தால் ஒன்று தேவையில்லாமல் அழுவான், இல்லையென்றால் அடி வாங்குவான்.

"லே மூதி, சோறு ஆறுது, வா" என்று தாய் கூப்பிட்டால் பிள்ளை "வாறேன்" என்கிறது. அதே வீட்டில் "இந்த மூதேவி கால் வச்ச அன்னைக்கே" என்று மாமியார் வாயெடுத்தால் மருமகள் பெட்டியைக் கட்டுகிறாள். வேர் ஒன்றுதான், வீரியம் ஒன்றா? இது எப்படிப் பிரிந்தது என்பதை அந்த ஒரு வரிக்குக் கீழே நீ எழுதியே ஆகவேண்டும். என்னிடம் இருப்பதைத் தருகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

முதலில் இது வசையே அல்ல, உறவுமுறை. மூத்த தேவி, திருமகளின் அக்காள். வள்ளுவர் அவளைத் 'தவ்வை' என்கிறார், அதாவது தமக்கை. பொறாமைக்காரனைச் செய்யவளான திருமகள் தன் தவ்வையிடம் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்கிறது 167-ஆம் குறள். 617-ஆம் குறளில் அவள் பெயர் 'முகடி', இருக்குமிடம் சோம்பல். ஆக அப்போதே அவள் கேட்டுக்கு உரியவள்தான். ஆனாலும் தெய்வம். திருப்பரங்குன்றத்தில் போய்ப் பார். பாண்டியன் தளபதி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆண்டு 773. அந்தச் சேட்டைதான் நம் மூதேவி. வடமொழி ஜ்யேஷ்டா தமிழ் வாயில் சேட்டை ஆயிற்று.

இங்கே உன் 'ச' எழுத்துக்கு ஒரு கொட்டு. "சேட்டை: குறும்பு. ஆழ்வார் பாசுரத்திலும் வரும்" என்று எழுதியிருக்கிறாய். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் "சேட்டைதன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே" என்று பாடியது பிள்ளைகளின் குறும்பை இல்லை மக்கா, இந்த அம்மையைத்தான். மூதேவி மடியில் போய்ச் செல்வம் தேடுகிறீர்களே என்று அவளைக் கும்பிடுகிறவர்களைக் கேலி செய்கிறார். குறும்பு என்ற பொருளில் வரும் சேட்டை 'சேஷ்டை'யிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் இரண்டு தலைச்சொல்லாகப் பிரித்துப் போடு. அந்தப் பாசுரம் நமக்குக் கிடைத்த நல்ல சாட்சியும்கூட. கும்பிட ஆள் இருந்தால்தானே கேலி செய்ய முடியும்? கல்லில் கோயில், பாட்டில் கேலி, இரண்டும் ஒரே தெய்வத்துக்கு நடந்திருக்கிறது. கும்பிடு பிறகு போயிற்று, கேலி தங்கிவிட்டது. காக்கைக்கொடியும் கழுதை வாகனமும் நிகண்டில் மிஞ்சின. வாசலில் வேண்டாதவளின் பெயர் வீட்டுக்குள் வேண்டாதவள் தலையில் ஏறியது. இது இறுகிய கட்டம்.

இளகிய கட்டம் நம் பக்கத்திலும் நெல்லையிலும் நடந்தது. அதற்கு உன் கையெழுத்துப்படியிலேயே தடயம் இருக்கிறது, நீதான் கவனிக்கவில்லை. "போலே மூதி" என்று எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறாயே, அந்த 'லே' யாரைப் பார்த்துச் சொல்வது? ஆம்பிளையை. தேவியின் பெயர் மீசைக்காரனுக்குப் போகிறது, யாருக்கும் உறுத்தவில்லை. முழுச்சொல்லான மூதேவியையும் ஆண்களைப் பார்த்துச் சொல்வதுண்டு. ஆனால் ஆணிடம் அது 'குளிக்காதவன், சோம்பேறி' என்ற அளவில் நின்றுவிடும். பெண்ணிடம் சொன்னால் 'உன்னால்தான் இந்த வீடு விளங்கவில்லை' என்ற குற்றச்சாட்டாகிவிடும். மூதியில் அந்தக் குற்றச்சாட்டு கழன்றுபோயிற்று. அடுத்த தடயம், அது உயிரில்லாததற்கும் ஒட்டுகிறது. உதைத்தும் கிளம்பாத ஸ்கூட்டர் மூதி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின ஆடும் மூதி. அப்புறம், தனியாக நின்று உறைக்கும் வலு போனதால் காரமாகச் சொல்ல நினைப்பவன் முன்னால் இன்னொன்றைக் கட்டவேண்டியிருக்கிறது: 'சவத்து மூதி'. சவமும் அதேபோல் இளகின சரக்கு என்பது வேறு கதை. "சவத்த விடு" என்று சொல்கிற எவன் மனசிலும் பிணம் கிடையாது.

ஆனால் எல்லா இடத்திலும் இளகிவிட்டது என்று எழுதிவிடாதே. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று அளவு. பாட்டிக்கு மூதேவி என்பது இன்னும் ஆள். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பெயரை எடுக்க விடமாட்டாள். அவள் மகளுக்கு அது வெறும் அதட்டல், நாளெல்லாம் மூதி மூதி என்பாள். பேரனுக்கோ அது பாட்டி காலத்துப் பேச்சு, கூட்டாளியைச் சிரிக்கவைக்கச் சொல்வான். செங்கல்பட்டுப் பக்கமிருந்து பெண் எடுத்து வந்தால் கணக்கு மாறிவிடும். அவள் காதில் மூதி விழாது, மூதேவிதான் விழும். அங்கே குறுக்கம் வழக்கில் இல்லை, முழுச்சொல்தான் தெரியும். சொன்னவள் கொஞ்சியதாக நினைக்க, கேட்டவள் கொதிக்கிறாள். கல்யாணம் ஆன முதல் வருஷச் சண்டைகளில் பாதி இந்த ரகம்தான் என்பது என் எண்ணம்.

இனி எல்லைக்கு இந்தப் பக்கம் வா. மலையாளத்தில் அதே ஜ்யேஷ்டா 'சேட்ட' ஆனது. கர்க்கடக மாசம் பிறக்குமுன் வீட்டை அடித்துப் பெருக்கி, பழைய துடைப்பத்தையும் ஓட்டைச் சட்டியையும் வெளியே எறிந்து, சேட்டையைப் போகச் சொல்லி ஸ்ரீபகவதியை உள்ளே கூப்பிடுவார்கள். விரட்டும்போதுகூட அவள் பெயர் 'சேட்டா பகவதி'. அந்தப் பகவதியை விடவில்லை, பார்த்தாயா? இதில் எனக்கு மிகவும் பிடித்த கூத்து ஒன்று உண்டு. இங்கே மரியாதைக்குக் கூப்பிடுகிற 'சேட்டன்' இருக்கிறதே, அதுவும் ஜ்யேஷ்டனிலிருந்து வந்ததுதான். மூத்தவன் சேட்டன், அவனுக்கு டீ. மூத்தவள் சேட்ட, அவளுக்குத் துடைப்பம்.

சேட்டயையும் 'செற்ற'யையும் நீ ஒரே பத்தியில் அடைத்திருப்பதுதான் என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது. ஓசை கிட்டத்தில் இருக்கிறதே தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செற்ற என்பது ஓலை முடைந்த தட்டி, அப்படிக் கட்டின குடிசை. அதில் குடியிருந்தவன் கூலிக்காரன். அங்கிருந்து 'கீழ்த்தரமானவன்' என்று வசையாயிற்று. இதில் விளையாட்டு கிடையாது தாணு. மூதேவியைக் கும்பிட்டவர்கள் இன்று கண்ணுக்கு எட்டின வரையில் இல்லை, அந்தப் பெயரைச் சொன்னால் 'என்னைச் சொன்னாயே' என்று எழுந்து நிற்க ஆள் இல்லை. செற்றயில் பிறந்தவர்களின் பேரன் பேத்திகள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத்தில், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை உரிமை கிடைத்தது. ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய்க் காங்கிரீட் வந்தது. பொருள் மறைந்தால் வசை இளகும் என்றால் இது எப்போதோ இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. குடிசை போனாலும், எந்த வீட்டார் குடிசையிலிருந்து வந்தார்கள் என்ற கணக்கை ஊர் இன்னும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு இருக்கிறவரைக்கும் அது உறைக்கும்.

சரி, ஆட்களிடம் கேட்பது எப்படி என்று பார். நீ "இது கெட்ட வார்த்தையா?" என்று கேட்டிருக்கிறாய். அப்படிக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், படித்தவன் இரண்டு தடவை சொல்வான். "இதை யார் யாரிடம் சொல்லலாம்?" என்று கேள். அம்மா மகனிடம்? மகன் அம்மாவிடம்? கூட்டாளி கூட்டாளியிடம்? கடைக்காரரிடம்? மேலிருந்து கீழே மட்டும் போகிற சொல் இன்னும் வசைதான். சமமானவர்களுக்குள் போய்த் திரும்பி வந்தால் இளகத் தொடங்கிவிட்டது. கீழிருந்து மேலேயும் ஏறினால் முழுசாக வெந்துவிட்டது என்று எழுதிக்கொள். நான் கேட்டவரையில் மூதி இரண்டாவது படியில் நிற்கிறது. மகன் அம்மாவை மூதி என்றால் இன்றைக்கும் அகப்பை பறக்கும். மூதேவியும் செற்றயும் முதல் படி.

மாமியாரையும் மருமகளையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்காதே. சேர்த்துக் கேட்டால் "அதெல்லாம் சும்மா சொல்றது" என்றுதான் பதில் வரும். 'சும்மா' என்று சொல்கிறவர் யார் என்றும் குறித்துக்கொள். பெரும்பாலும் சொல்பவர்தான் சும்மா என்பார், கேட்பவர் சொல்லமாட்டார். இரண்டு பேர் பதிலும் வேறுபட்டால் கேட்டவர் சொன்ன அளவையே அகராதியில் போடு. பழைய போலீஸ் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான், பேச்சில் வந்த வசை அப்படியே எழுத்தில் ஏறுகிற இடம் வேறு அதிகம் இல்லை. ஆனால் பல எழுத்தர்கள் "தகாத வார்த்தைகளால் திட்டி" என்று முடித்துவிடுவார்கள், மற்றவர்கள் எல்லா வழக்குக்கும் அதே நாலு சொல்லைத்தான் எழுதுவார்கள். ஒரு சொல் அங்கே இருந்தால் வசை என்று கொள்ளலாம், இல்லாததால் வசை இல்லை என்று கொள்ளக்கூடாது.

'ச', 'ம' இரண்டு எழுத்துக்கும் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் களியக்காவிளைச் சந்தைக்கு வருகிற நம்ம செல்லையன் கையில் கொடுத்துவிடுகிறேன். மற்றதை அச்சுக்கு அனுப்பிவிடாதே. 'எளவு' இன்னும் பார்க்கவில்லை. அதற்கும் 'வசைச்சொல்' என்றுதான் போட்டிருப்பாய், எளவு.

அன்புடன்,
செல்வராஜ்