கிராம் விலை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நகைக் கட்டுரையில், அன்றைய கிராம் விலையைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற வழியில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் தேக்கா பக்கம் நகை வாங்கிப் பல காலம் ஆகியிருக்கும் போலிருக்கிறது.

அண்மையில் தங்கை மகளுக்கு 916 சங்கிலி எடுத்தோம். எடை 20 கிராம், பலகையில் கிராம் 150 வெள்ளி. உங்கள் கட்டுரைப்படி 3,000 வெள்ளியோடு முடிந்திருக்க வேண்டும். சேதாரம் 12 விழுக்காடு, அதாவது 2.4 கிராம் என்று 360 வெள்ளி ஏறியது. செய்கூலி 100 வெள்ளி. இந்த 3,460க்கு மொத்தமாக 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கொடுத்தது 3,771 வெள்ளி 40 காசு. கிராமுக்கு 188 வெள்ளிக்கும் மேல் விழுந்துவிட்டது. நாளைக்கு விற்கப் போனால் கையில் உள்ள 20 கிராமுக்குத்தான் காசு, அதுவும் அவர்கள் வாங்கும் விலைக்கு.

வரியை நான் குறை சொல்லவில்லை. சேதாரம்தான் உறுத்துகிறது. எடையில் விழுக்காடாகப் போடுவதால், தங்கம் கிராம் 75 வெள்ளி விற்றபோது இதே சங்கிலிக்கு 180 வெள்ளிதான் ஆகியிருக்கும். தங்கம் ஏறினால் அதுவும் கூடவே ஏறுகிறது, வேலை என்னவோ அதே வேலைதான். அராவும்போது உதிரும் தூளைக்கூட யாரும் வீசுவதில்லை, சேர்த்து உருக்கிவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு 2.4 கிராமுக்கும் முழு விலை? கடையில் கேட்டேன். "எல்லாக் கடையிலும் இப்படித்தான் அக்கா" என்றார் அந்தத் தம்பி.

தீபாவளிக்கு நீங்கள் போட்ட முழுப்பக்க விளம்பரங்களைப் பற்றியும் அப்போதே எழுதியிருந்தேன். கடிதம் வெளிவரவில்லை, இடம் இருந்திருக்காது. "செய்கூலி இல்லை" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சரி, இந்தச் சங்கிலிக்கு அந்த 100 வெள்ளியை விட்டுவிட்டு, சேதாரத்தை 16 விழுக்காடாக்கினால் 120 வெள்ளி கூடுகிறது. சலுகை என்ற பேரில், வரிக்கு முன்பே 20 வெள்ளி அதிகம். விளம்பரத்தில் சேதாரம் எத்தனை விழுக்காடு என்று எங்கே போட்டிருந்தது? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

என் பில்லில் எடை, சேதாரம், கூலி எல்லாம் தனித்தனியாக இருந்தன, நான் கேட்டு எழுத வைத்ததால். என் பின்னால் நின்ற பெண்மணிக்கு ஒரே தொகைதான் எழுதிக் கொடுத்தார்கள். கல் வைத்த தோடு வேறு. கல்லின் எடையைக் கழித்தார்களா இல்லையா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தினமும் தங்க விலை போடும் பெட்டியின் அடியில், "சேதாரம், செய்கூலி, வரி தனி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விளம்பரத்துக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குச் சின்ன எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஈசூன்