களஞ்சியக்காரரிடம் காசு கேட்பதற்கு முன் தவிட்டையும் நிறுத்துப் பாருங்கள்

எங்கள் நெல்லாலையை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குனர் சபைக்கு,

வணக்கம். ஆனி மாத இருப்பெடுப்பில் நெல் 3,850 கிலோவும் அரிசி 1,710 கிலோவும் குறைகிறது என்று முடிவுகட்டி, இரண்டின் பெறுமதியையும் களஞ்சியப் பொறுப்பாளரின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டத் தீர்மானித்திருக்கிறீர்கள். அங்கத்தவர் கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசித்தபோது ஒரு இலக்கம் விடாமல் எழுதிக்கொண்டேன். நானும் ஒரு அங்கத்தவன், என் நெல்லும் அந்தக் களஞ்சியத்துக்குள் போயிருக்கிறது, வேறொரு ஆலையில் இருப்புக் கணக்கு எழுதிய பழக்கமும் இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்கள் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் கழித்த இரண்டு நிறைகளும் ஒரே பொருளின் நிறை அல்ல.

முதலில் நெல்லைப் பார்ப்போம். மாசி, பங்குனியில் காலபோக நெல்லை வாங்கும்போது தராசில் ஏறியது 60,000 கிலோ. ஆலைக்குக் கொடுத்தது 38,000. மிச்சம் 22,000 இருக்க வேண்டும், நிறுத்துப் பார்த்தால் 18,150தான் இருக்கிறது, ஆகவே 3,850 காணாமல் போய்விட்டது என்கிறீர்கள். அறுவடை மெசின் வெட்டிக் கொட்டியதும் நேரே சாக்கில் கட்டி உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்த நெல் அது. கொள்வனவுத் துண்டுகளில் எழுதியிருக்கும் ஈரப்பதன் சராசரியாக 18 வீதம் வருகிறது என்று கணக்காய்வு அறிக்கையிலேயே இருக்கிறது. அதைச் சீமெந்துத் தளத்தில் காயவிட்டு 13 வீதத்துக்கு இறக்கித்தான் அடுக்கினார்கள். ஆலைக்குக் கொடுத்ததும் ஆனியில் நீங்கள் நிறுத்ததும் அந்தக் காய்ந்த நெல்.

ஈரநெல் 60,000 கிலோவில் 18 வீதம் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் 10,800 கிலோ, மற்றது 49,200. காயும்போது இந்த 49,200 அப்படியே இருக்கும், தண்ணீர்தான் போகும். 13 வீதத்துக்குக் காய்ந்த நெல்லில் இந்த உலர்ந்த பங்கு நூற்றுக்கு 87. ஆகவே 49,200ஐ 87ஆல் பிரித்து நூறால் பெருக்கினால் 56,552 கிலோ வரும். பலர் இங்கே 18இலிருந்து 13ஐக் கழித்து ஐந்து வீதம்தான் குறையும் என்று நினைப்பார்கள். அப்படிப் பார்த்தால் 3,000 கிலோ. உண்மையில் குறைவது 3,448 கிலோ, ஏனென்றால் தண்ணீர் போகப் போக மொத்த நிறையும் சேர்ந்து இறங்குகிறது.

இப்போது திரும்பக் கழித்துப் பாருங்கள். 56,552இல் 38,000 போனால் 18,552. இருந்தது 18,150. வித்தியாசம் 402 கிலோ. காய்ந்த நெல்லில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பதர், தூசி, தளத்தில் சிந்தியது, எலி தின்றது எல்லாம் இதற்குள்தான் வர வேண்டும். மெசின் வெட்டின நெல்லில் பதர் எவ்வளவு கிடக்கும் என்று உங்களில் வயல் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. வாங்கும்போது ஈரத்துக்கென்று மூட்டைக்கு 3 கிலோ கழிவு வெட்டினீர்கள். 60 கிலோ மூட்டை 1,000 வந்தது, வெட்டியது 3,000 கிலோ. விவசாயிக்குக் காசு கொடுத்தது 57,000 கிலோவுக்கு. ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றியது கழிவு வெட்டாத 60,000. அதாவது அந்தத் தண்ணீரை விவசாயியின் காசில் ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள், இப்போது அதே தண்ணீருக்குக் களஞ்சியப் பொறுப்பாளரிடமும் காசு கேட்கிறீர்கள். கொடுப்பனவுப் புத்தகத்தையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இந்த 3,000 அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

இந்தக் கணக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு, மறைக்க மாட்டேன். எல்லா மூட்டைக்கும் ஈரமானி குத்தவில்லை, ஒரு சுமைக்கு இரண்டு மூன்று மூட்டையில்தான் பார்த்திருப்பார்கள். சராசரி 18 இல்லாமல் 17 என்றால் காய்ந்த நிறை 57,241 ஆக வேண்டும், குறைவு 1,091 கிலோவாக ஏறிவிடும். ஒரு வீதப் பிழைக்கே ஏறக்குறைய 700 கிலோ அங்கும் இங்கும் போகும். ஆகவே துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு சுமையின் நிறையையும் ஈரத்தையும் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும், வெறும் ஈர இலக்கங்களை மட்டும் கூட்டிப் பிரித்தால் சின்னச் சுமையும் பெரிய சுமையும் ஒன்றாகிவிடும். ஈரமானி சரியா என்பதையும் வேறொரு மானியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பிறகும் 1,000 கிலோ குறைந்தால் அப்போது அவரிடம் கேளுங்கள், நானே உங்கள் பக்கம் நிற்பேன்.

இனி அரிசி. 38,000 கிலோ நெல் குற்றினால் 68 வீதம் அரிசி வர வேண்டும், அது 25,840, வந்தது 24,130 என்று எழுதியிருக்கிறீர்கள். 68 என்பது நல்லாக அவித்துக் காயவிட்டுக் குற்றுகிற புழுங்கலுக்கு வரக்கூடிய இலக்கம். அவிக்கும்போது அரிசி இறுகிப் போவதால் உடைவு குறைகிறது, தீட்டும்போது தேய்வதும் குறைகிறது. பச்சையரிசிக்கு அந்த இலக்கத்தைப் போட்டால் எந்த ஆலையும் களவாலையாகத்தான் தெரியும். ஆலைப் பதிவேட்டின்படி இந்த 38,000இல் 20,000தான் அவித்தது, மற்ற 18,000 பச்சையாகக் குற்றியது. பங்குனியில் இதே நெல்லில் நீங்களே வைத்த பரீட்சைக் குற்றலில் புழுங்கல் 67 வீதமும், குறுணல் நீக்கிய பச்சை 61 வீதமும் வந்தது. அதன்படி 13,400உம் 10,980உம் சேர்த்து 24,380 வர வேண்டும். வந்தது 24,130. குறைவு 1,710 இல்லை, 250.

அந்த 250 எங்கே போயிருக்கும் என்பதை அரிசிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. தவிட்டைப் பார்க்க வேண்டும். தவிடு விற்ற பற்றுச்சீட்டும் மிச்சத் தவிடும் சேர்த்தால் 3,500 கிலோ. குற்றிய நெல்லில் அது 9.2 வீதம். பரீட்சைக் குற்றலில் தவிடு 8.5 வீதம், அதன்படி 3,230 வந்தால் போதும். 270 கிலோ கூடுதலாக வந்திருக்கிறது. அரிசியில் 250 குறைய, தவிட்டில் 270 கூடுகிறது. பொலிஷரின் சல்லடை தேய்ந்து கண் பெருத்துவிட்டால் நொய்யும் சின்ன உடைவும் தவிட்டோடு வெளியே போகும். வீட்டுக்கு வாங்கிய தவிட்டை மாவரிதட்டில் அரித்துப் பார்த்தேன், வெள்ளை நொய் தட்டில் நின்றது. இது சங்கத்துக்கு நட்டம்தான், அரிசி விலைக்குப் போக வேண்டியது கோழித்தீன் விலைக்குப் போயிருக்கிறது. ஆனால் இது சல்லடை மாற்றாததால் வந்த நட்டம், களஞ்சியத்துச் சாவி வைத்திருப்பவரால் வந்ததல்ல.

தவிடு கூடுவதற்கு உமி நொறுங்கிக் கலப்பதும் காரணமாகலாம் என்று யாராவது சொல்லக்கூடும், அது நியாயமான கேள்வி. அந்தக் காலத்து இரும்பு மெசினில் உமியும் தவிடும் ஒன்றாகத்தான் வரும். நம் ஆலையில் ரப்பர் உருளை உமியைத் தனியாக உரித்து எறிகிறது, அதனால் கலப்பது கொஞ்சம்தான். சந்தேகம் என்றால் ஒரு கிலோ தவிட்டை அரித்து, நொய் எவ்வளவு, உமித் துகள் எவ்வளவு என்று தனித்தனியே நிறுத்துவிடலாம், அரை மணித்தியால வேலை.

உண்மையாகக் களவு நடந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி நிற்கும். குற்றிய பிறகு அரிசியை எடுத்திருந்தால் தவிடும் உமியும் சரியாக இருக்க அரிசி மட்டும் குறையும். குற்றாத நெல்லைக் குற்றியதாக எழுதி வெளியே விட்டிருந்தால் அரிசி, குறுணல், தவிடு மூன்றும் ஒரே வீதத்தில் குறையும், ஆலையின் மின்மானி அலகும் அந்த நெல்லுக்கு ஏற்றபடி ஓடியிருக்காது. இங்கே இரண்டும் நடக்கவில்லை. குறுணல் 1,150 கிலோ வந்திருக்கிறது. அரிசி, குறுணல், தவிடு மூன்றையும் கூட்டினால் 28,780. மிச்சம் 9,220 கிலோ உமிக்கும் தூசிக்கும் ஆவியாய்ப் போன ஈரத்துக்கும். நெல்லில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே உமி இருக்கும், 21 வீதம் என்று வைத்தால் 7,980. அப்புறம் நிற்பது 1,240 கிலோ, 3 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே. கல், பதர், தவிட்டுத் தூசி, அவித்த நெல் கூடுதலாகக் காய்ந்தது எல்லாவற்றுக்கும் அது சற்றுக் கூட என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உமியை யாரும் நிறுக்கவில்லையே. அவிக்கிற அடுப்புக்குள் பாதி போகிறது, செங்கல் சூளைக்காரர் பெட்டியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு நாள் குற்றலின் உமியை முழுதாக நிறுத்து வைத்திருந்தால் இந்த 1,240ஐப் பற்றி இப்போது ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறை மட்டும் பார்க்கிற இருப்பெடுப்பு நேர்மையானவரை மாட்டிவிடும், கெட்டிக்காரரைத் தப்பவிடும். காய்ந்த நெல்லை எடுத்துவிட்டு அதே நிறைக்கு ஈரநெல்லை வைத்தால் உங்கள் தராசு சரி என்றுதான் சொல்லும். பிறகு குற்றும்போது அரிசி குறையும், அடுக்கின் நடுவில் நெல் சூடேறிப் பழுப்பாகும், அப்போது பழி ஆலைக்காரர் தலையில் விழும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேல் ஈரமில்லாத நெல்லைக் கேட்பதும் சேமிப்பில் நெல் கெட்டுவிடும் என்பதால்தான். இருப்பெடுக்கும் நாளில் ஒவ்வொரு அடுக்கிலும் ஈரம் பார்த்து நிறைக்குப் பக்கத்தில் எழுதினால் இந்த வழி அடைபடும்.

ஆகவே சபையிடம் கேட்பது இதுதான். சம்பள வெட்டை இந்த மாதமே நிறுத்திவையுங்கள். கொள்வனவுத் துண்டுகளை அவர் முன்னிலையில் எடுத்துச் சுமை சுமையாக 13 வீத நிறைக்கு மாற்றி, புழுங்கலையும் பச்சையையும் வேறு வேறு பக்கத்தில் எழுதித் திரும்பக் கணக்குப் பாருங்கள். பொலிஷர் சல்லடையை மாற்றுங்கள், அதற்குப் பிறகு தவிட்டு வீதம் இறங்குகிறதா என்று ஒரு கிழமை நிறுத்துப் பாருங்கள். இறங்கினால் 250 கிலோவின் கதை முடிந்தது, இறங்காவிட்டால் நான் சொன்ன காரணம் பிழை என்று எழுதித் தருகிறேன்.

மிச்சமிருக்கும் 18,150 கிலோவையும் உடனே ஈரம் பார்த்து, தேதியோடு பதிந்து, அடுக்கைத் தனியாக வைத்துவிடுங்கள். ஆவணியில் சிறுபோக நெல் வரத் தொடங்கும், பழையதோடு அது கலந்துவிட்டால் இந்தக் கணக்கைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இப்படிக்கு,
சங்கத்தின் அங்கத்தவர் ஒருவர்