உரைப்பத்திக்கு வினா எடுக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தமிழ்த் தாளில் உரைப்பத்தியைக் கொடுத்து விடை கேட்கும் பகுதியைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நானும் தமிழாசிரியர்தான். நாம் எடுக்கும் வினாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பத்தியில் ஒரு வரியைத் தேடிப் பிடித்து அப்படியே எழுதினால் போதும். ஊகித்து அறிய வேண்டிய வினா எப்போதாவது வரும். அப்போதும் விடைக்குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதோடு ஒத்துப்போனால் மதிப்பெண், இல்லையென்றால் சுழி. பிள்ளை அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

வகுப்புக்காக நான் எழுதிய ஒரு பத்தியை வைத்தே சொல்கிறேன்:

"பேச்சில் மாமா யாருக்கும் இளைத்தவர் அல்லர். அன்று பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை அவர் வாயே திறக்கவில்லை. 'போன காரியம் என்னப்பா ஆச்சு?' என்று பாட்டி கேட்டாள். 'சோறு போடும்மா, பசிக்குது' என்றார். இலையில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாட்டி மறுபடி கேட்கவில்லை. மோர்ச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்."

வினா: மாமா போன காரியம் முடிந்ததா? எப்படி அறிகிறாய்?

"முடியவில்லை, ஏனென்றால் அவர் பேசவில்லை" என்று பலர் எழுதுவார்கள். முடிவு சரி, சான்று போதாது. களைப்பாக இருந்தாலும் ஒருவர் பேசாமல் வரலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சோற்றுக்குப் பேச்சை மாற்றுகிறார். பசிக்கிறது என்றவர் சாப்பிடாமல் பிசைகிறார். சொன்னதும் செய்வதும் ஒட்டவில்லை. இந்த இரண்டையும் எடுத்துக்காட்டி, "நல்ல சேதி என்றால் உடனே சொல்லியிருப்பார்" என்று இணைத்து எழுதும் பிள்ளையின் விடைதான் முழு விடை. முடிவு, அதற்குப் பத்தியில் உள்ள சொற்கள், இரண்டையும் சேர்க்கும் ஒரு வாக்கியம், இவை மூன்றும் வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்த மூன்றாவதைத்தான். வரியை மட்டும் பெயர்த்து எழுதிவிட்டு, விளக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு வகை விடையும் வரும்: "மாமாவுக்கு வேலை கிடைக்கவில்லை." படித்தவுடன் நமக்கும் சரி என்றே தோன்றும். ஆனால் வேலை என்ற பேச்சே பத்தியில் இல்லை. கடன் கேட்டுப் போயிருக்கலாம், பெண் பார்க்கவும் போயிருக்கலாம். காரியம் கைகூடவில்லை என்பது வரை பத்தி நம்மைக் கொண்டுபோகிறது. என்ன காரியம் என்பதைச் சொல்லவில்லை. இதைத் திருத்தும்போது வெறுமனே சிவப்புக் கோடு போட்டுவிட்டால் பிள்ளைக்கு எதுவும் புரியாது. "வேலை என்று எந்த வரி சொல்கிறது?" என்று ஓரத்தில் எழுதினால், திரும்பப் போய்த் தேடிப் பார்க்கும்.

சொற்பொருள் வினாவுக்கும் சான்று கேட்கலாம். 'இளைத்தவர்' என்றால் இங்கே என்ன பொருள்? அகராதியைப் பார்த்த பிள்ளை 'மெலிந்தவர்' என்று எழுதும். பேருந்துப் பயணத்தை நினைத்த பிள்ளை 'களைத்தவர்' என்று எழுதும். இரண்டும் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள்கள்தாம். எழுதிய சொல்லை வாக்கியத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்: "பேச்சில் மாமா யாருக்கும் மெலிந்தவர் அல்லர்." நிற்கவில்லை. 'பேச்சில்', 'யாருக்கும்' என்ற இரு சொற்களும் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதைக் காட்டுகின்றன. எனவே 'குறைந்தவர்' என்பதே பொருந்தும். அடுத்த வரியையும் பார்க்க வேண்டும். பேச்சில் குறையாதவர் அன்று வாய் திறக்கவில்லை என்னும்போதுதான் அந்த மௌனத்துக்கு எடை கூடுகிறது. முதல் வினாவில் போதாது என்ற சான்று, இந்தச் சொல்லின் பொருள் தெரிந்ததும் வலுவாகிவிடுகிறது. அதனால் சொற்பொருள் வினாவை முதலில் வைத்து, ஊக வினாவை அப்புறம் வைப்பது நல்லது. பத்தியை மறைத்தாலும் விடை எழுத முடிகிற சொல்லாக இருந்தால், அதை இந்தப் பகுதியில் கேட்கவே வேண்டாம்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் அளந்துவரும் பிர்ல்ஸ் தேர்வில், கதைமாந்தர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் குணத்தைச் சொல்வதோடு கதையிலிருந்து அதற்கு ஒரு செயலையும் காட்டச் சொல்லும் வினாக்கள் உண்டு. குணத்தை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது. பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்பதை நம் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வரும் அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்யுங்கள். ஊக வினா ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண் வைத்து, ஒன்றை முடிவுக்கும் மற்றதைச் சான்றுக்கும் ஒதுக்குங்கள். விடைக்குறிப்பில் "பொருத்தமான பிற விடைகளுக்கும் மதிப்பெண் தருக" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்தெந்த வரிகளைக் காட்டினால் ஏற்கலாம், எந்த ஊகம் பத்தியைத் தாண்டிப் போகிறது என்பதையும் எழுதுங்கள். திருத்தப்போகும் சக ஆசிரியர் ஒருவரிடம் பத்தியை மட்டும் கொடுத்து, குறிப்பைப் பார்க்காமல் விடை எழுதச் சொல்லுங்கள். அவர் தக்க சான்றோடு வேறு விடை எழுதினால், குறிப்பில் அதையும் சேர்த்துவிட்டு வினாத்தாளை அச்சுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல விடைத்தாள் திருத்தும் ஒரு தமிழாசிரியர்