‘உட்கார்ந்த இடத்திலேயே’ என்ற உங்கள் வரியைப் பற்றி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இதழில் பெண்களுக்கான வீட்டுத் தொழில்கள் பற்றி வந்த கட்டுரையில், ‘உடம்பு நோகாமல் உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதிக்கத் தையலைப் போல வேறொன்று இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. படித்து மூன்று நாளாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை. நான் கருங்கல் பக்கம் 24 வருடமாகத் தைத்துக்கொண்டிருப்பவள். கட்டுரைக்குப் பக்கத்தில் போட்ட படத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிஷின் முன்னால் ஒரு பெண் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். தையல் கற்க நினைக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உட்காரப் பழகுவார்கள். எனக்குப் பயம் அதுதான்.

அந்த நாற்காலியின் இருக்கை பின்பக்கம் தாழ்ந்திருக்கும். சாய்ந்து பேசிக்கொண்டிருக்க அது சரி. ஆனால் தைப்பவருக்குக் கண் ஊசியிடம் போக வேண்டும். நாற்காலி பின்னால் இழுக்கும், ஊசி முன்னால் இழுக்கும், நடுவில் இடுப்பு வளையும். நாற்காலியின் கை மேசையில் முட்டுவதால் நெருக்கிப் போட்டு உட்காரவும் முடியாது. கடைசியில் இருக்கையின் விளிம்பில் தொத்திக்கொண்டுதான் தைக்க வேண்டும்.

திருமணத்துக்கு முன் ஒரு தையல் யூனிட்டில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். எங்கே என்று சொல்லப் போவதில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரே அளவு ஸ்டூல். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள அக்காவுக்கும் ஐந்தடி ஒரு அங்குலமுள்ள எனக்கும் அதே 17 அங்குலம்தான். தோள் வலிக்கிறது என்று சொன்னபோது, ‘புதுசுல அப்படித்தான் இருக்கும் மக்களே, போகப் போகப் பழகிரும்’ என்றார் மேற்பார்வையாளர். நானும் நம்பினேன். அதே அளவில் ஒரு ஸ்டூல் வாங்கி வீட்டிலும் போட்டு, இன்னும் பத்து வருடம் தைத்தேன். வலி பழகவே இல்லை. கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இறங்கி, அப்புறம் கைக்கு வந்தது.

சிக்கல் எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு அளவு நாடா போதுமாக இருந்தது. என் மிஷின் பலகை தரையிலிருந்து 30 அங்குலம். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, கையை மடக்கினால், இருக்கையிலிருந்து என் முழங்கை 9 அங்குல உயரத்தில் இருக்கிறது. 17ம் 9ம் 26. துணி இருப்பது 30இல். மீதி நாலு அங்குலத்துக்கு என் தோள் நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிளவுஸ் உடம்புக்குச் சரியில்லை என்றால் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் நான், என் ஸ்டூலை ஒரு முறைகூட அளந்து பார்த்ததில்லை.

எங்கள் ஊர் ஆசாரியிடம் 20 அங்குலத்தில் ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னேன். முதுகின் கீழ்ப்பாதியைத் தாங்க ஒரு பட்டை வைத்து, தொடை படும் முன்விளிம்பை உருட்டிக் கொடுத்தார். இப்போது முழங்கை 29இல் நிற்கிறது. பலகை அதைவிட ஒரு அங்குலம் மேலே. எழுதும் மேசை முழங்கை மட்டத்தில் இருந்தால் போதும். தையலில் கண்ணுக்கும் வேலை இருப்பதால், துணி முழங்கைக்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே இருந்தால்தான் தலை அதிகம் குனியாது. அதற்கும் மேலே போனால் தோள் தூக்க ஆரம்பித்துவிடும்.

ஸ்டூலை உயர்த்திய முதல் நாளே இன்னொரு தொல்லை வந்தது. என் கால் தரையில் படவில்லை. பாதம் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, சாயங்காலம் கால் மரத்துப்போகும். அதற்கு 4 அங்குல உயரத்தில் ஒரு அயனிப் பலகை செய்து, மோட்டார் பெடலை அதன் மேல் வைத்தேன். இடது காலும் வைக்கிற அளவுக்கு அகலமான பலகை. ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். பெடல் மிதிக்க மிதிக்க முன்னால் நகரும், நாமும் தெரியாமல் அதன் பின்னால் நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடுவோம். அதனால் பெடலுக்கு முன்னால் ஒரு சட்டத்தை ஆணி அடித்து நிறுத்தினேன். 21 அங்குல ஸ்டூலும் போட்டுப் பார்த்தேன், தொடை மேசை டிராயரில் இடித்தது. என் உடம்புக்கு 20 சரி. ஐந்தே முக்கால் அடி அக்காவுக்கு முழங்கை எனக்கு மேலே நிற்கும், முட்டியும் இடிக்கும். அவருக்கு ஸ்டூலை விட மேசையின் காலுக்கு அடியில் கட்டை வைப்பதுதான் பொருந்தும். எல்லாருக்கும் ஒரே அளவு என்பதில்தான் கோளாறே.

தோள் வலி இரண்டு மாதத்தில் குறைந்தது. கழுத்து வலி மட்டும் போகவில்லை. பக்கவாட்டில் இருந்து செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன், என்னிடம் தையல் படிக்கும் பெண்ணிடம். “அக்கா, உங்க காது தோளுக்கு முன்னாடி எங்கயோ நிக்கி” என்றாள். ஸ்டூல் சரியாக இருந்தும் நான் குனிந்துதான் இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் அது, கருநீலச் சீருடைத் துணி குவிந்து கிடந்தது. வெளியே இடவப்பாதி மழை, பகலிலேயே இருட்டு. டியூப்லைட் என் தலைக்குப் பின்னால். குனியக் குனிய என் தலையின் நிழலே ஊசி மேல் விழுந்தது, நிழல் விழுந்ததால் இன்னும் குனிந்தேன்.

தையல் நடக்கும் இடத்தில் 750 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்று ஐரோப்பியத் தரத்தில் இருக்கிறது. என் ஊசியடியில் செல்போன் செயலி 110 காட்டியது. செல்போன் அளவு துல்லியம் இல்லைதான், ஆனாலும் இந்த வித்தியாசம் சின்னதல்ல. மிஷினின் தலையில் ஒட்டும் சின்ன எல்இடி விளக்கு ஒன்றும், இடப்பக்கம் முன்னாலிருந்து ஊசிக்கு வெளிச்சம் அடிக்கும் மூடியுள்ள விளக்கு ஒன்றும் போட்டேன். பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது. அப்புறம்தான் கழுத்து நிமிர்ந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய உங்கள் படத்துப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு ஏன் பதறியது என்று இப்போது உங்களுக்குப் புரியும். கண்ணாடி போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகம் பிடிக்கும் தூரத்தைவிட ஊசி தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தை அளந்து கண் டாக்டரிடம் சொல்லுங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாக ஊசியைப் பார்க்க மோவாயைத் தூக்கினால் கழுத்து வேறு விதமாக வலிக்கும்.

கை விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து எழுப்பிவிடும். கையை உதறினால் சரியாகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இருக்காது. அதை வைத்துத்தான் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார். கடினத் துணியைக் கத்தரிக்கும்போதும், கைச்சக்கரத்தைத் திருப்பும்போதும், துணியைத் தள்ளும்போதும் மணிக்கட்டை மடக்கிக்கொண்டே இருந்ததன் பலன். ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டித் தூங்கினேன். பகலிலும் மரத்துக்கொண்டே இருந்தாலோ, ஊசியைப் பிடிக்கும்போது நழுவினாலோ ஸ்டூலையும் கத்தரியையும் மாற்றிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள், டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஓய்வைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. அந்த யூனிட்டில் மத்தியானம் அரை மணி மட்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் அசையாமல் இருக்கும் கழுத்துக்கு ஐந்து மணிக்கு ஒருமுறை அரை மணி போதாது. முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் எழுந்து நின்றாலே அது தளரும். பீஸ் ரேட்டில் யார் எழுந்திருப்பார்கள்? எழுந்தால் காசு போகும். இருபது பெண்களுக்கு ஒரே கழிப்பறை இருந்ததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். இன்றைக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்லி அறிவுரை எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இப்போது வீட்டில், சுற்றிய பாபின்களை மேசைமேல் வைப்பதில்லை. எதிர்ச்சுவர் அலமாரியில் வைத்திருக்கிறேன். நூல் தீர்ந்தால் எழுந்தே ஆக வேண்டும். ஒரே வேலையை மொத்தமாகச் செய்வதையும் விட்டுவிட்டேன். இருபது பிளவுஸுக்கும் கை வெட்டி, இருபதையும் மடித்தடித்து, கடைசியில் இருபதுக்கும் ஊக்கு தைத்தால் ஒரே விரல் ஒரே பாடுபடும். நூல் நிறத்தை வைத்து ஐந்தைந்தாகப் பிரித்துக்கொள்கிறேன். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இதெல்லாம் முழுசாக நடக்காது என்பதையும் மறைக்கவில்லை. பதினாலு மணி நேரம் தைத்தால் எந்த ஸ்டூலும் காப்பாற்றாது.

ஐயா, கணினி முன் உட்காருகிறவர்களுக்கு நாற்காலி உயரம், திரை உயரம் எல்லாம் படம் போட்டு முழுப் பக்கம் எழுதியவர்கள் நீங்கள். அதைப் பத்திரமாக வெட்டி வைத்திருக்கிறேன். கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்காரும் வசதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோதும் நல்லபடியாக எழுதினீர்கள். நின்று வேலை செய்கிறவர்களின் காலை நினைத்த உங்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் முதுகு தெரியாமல் போனது எப்படி? எங்கள் பக்கத்து விழா ஒன்றில் இலவசத் தையல் இயந்திரம் கொடுத்தார்கள். மிஷினை வாங்கிய பெண்களில் ஒருவரிடமும் எதன் மேல் உட்காரப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் செய்தியும் உங்கள் பத்திரிகையில் வந்தது.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு போடுங்கள். அடுத்த முறை தையல்காரி படம் போடும்போது, முதுகைத் தாங்கும் இருக்கையும், முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே துணியும், முன்னாலிருந்து வெளிச்சமும் இருக்கிற படமாகப் பார்த்துப் போடுங்கள். அப்படிப் படம் கிடைக்கவில்லை என்றால் புகைப்படக்காரரை கருங்கலுக்கு அனுப்புங்கள். ஞாயிறு தவிர எந்த நாளும் நான் மிஷின் முன்னால்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்