கஞ்சி வீடியோவுக்கு கை கொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பரங்கிப்பேட்டை தம்பிங்க சேனலும் எங்க சன்மார்க்க சேனலும் சேர்ந்து பண்ண பசி வீடியோ ரெண்டு பக்கமும் வந்துடுச்சு, நிறைய பேர் பாத்துட்டு போன் பண்ணீங்க, ஆனா அதுல முகம் தெரியாம வேலை பாத்தவங்க நிறைய, அவங்களுக்கு சொல்ல வேண்டிய நன்றிய இங்க சொல்லிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல் நன்றி அந்த சேனல் தம்பிங்களுக்கு. நாங்கதான் மொதல்ல கேட்டோம். வள்ளலார் வடலூர்ல 1867ல தர்மசாலை ஆரம்பிச்சு மூட்டுன அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையல, உங்க பள்ளிவாசல்ல நோன்பு மாசம் முழுக்க கஞ்சி காய்ச்சி கேக்குற எல்லாருக்கும் குடுக்கறீங்க, இந்த ரெண்டு அடுப்பையும் ஒரே வீடியோல காட்டலாமான்னு கேட்டப்ப உடனே சரின்னாங்க. ஆனா உக்காந்து பேசுனப்பதான் சிக்கல் எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. நாங்க எழுதிட்டு போன ஸ்கிரிப்ட்ல எடுத்ததும் "ஜீவகாருண்யம்"னு போட்டிருந்தோம். எங்களுக்கு அந்த வார்த்தைக்குள்ள பசி தீக்கறதும் இருக்கு, உயிர்க்கொலை கூடாது, புலால் கூடாதுங்கறதும் இருக்கு. அங்க கஞ்சியில கைமா போடுவாங்க, பக்ரீத்துக்கு குர்பானி உண்டு. "அண்ணே, இந்த வார்த்தைய நாங்க சொன்னா பாக்கறவங்க எங்கள பொய் சொல்றோம்னு நெனப்பாங்க, எங்க ஆளுங்களும் வருத்தப்படுவாங்க"ன்னு ஒரு தம்பி நேராவே சொன்னாரு. எனக்கு அந்த நிமிஷம் முகம் சுண்டிப்போச்சு, ஆனா அவர் அத சொல்லலன்னா இந்த வீடியோ வந்திருக்காது, அதனால அவருக்குத்தான் மொதல் நன்றி.

அப்பறம் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு வழி சொன்னாரு. ரெண்டு பேரும் முழுசா ஒத்துக்கற ஒரே ஒரு விஷயத்த மட்டும் பேசுங்க, ஒத்துக்காதத மறைக்கவும் வேணாம், வாதாடவும் வேணாம்னாரு. அப்படி தேடுனப்ப கெடச்சது இதுதான்: பசின்னு வந்தவன்கிட்ட நீ யாருன்னு விசாரிக்கக் கூடாது. வள்ளலார் பசிச்சவங்களுக்கு சாதி, சமயம், தேசம் எதையும் கேக்காம போடுங்கன்னு எழுதி வச்சிருக்காரு. ஹஜ்ரத் குர்ஆன்ல 76வது சூரா எடுத்து காமிச்சாரு, ஏழைக்கும் அனாதைக்கும் கைதிக்கும் சாப்பாடு குடுத்துட்டு, இதுக்கு உங்ககிட்ட கைம்மாறும் வேணாம் நன்றியும் வேணாம்னு சொல்றவங்கள பத்தி அதுல வருது. ஸ்கிரிப்ட் அவ்வளவுதான், ஒண்ணரை பக்கம். உணவு விஷயத்துல நாங்க வேற வேற வழின்னு நடுவுல ஒரே ஒரு வாக்கியம், அத ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு சொன்னோம். அந்த வாக்கியத்த எடுத்துடலாமான்னு கடைசி வரைக்கும் யோசிச்சோம், எடுக்காதது நல்லதாப் போச்சு, ஏன்னு கீழ சொல்றேன்.

ஷூட்டிங் அன்னிக்கு கஞ்சி காய்ச்சற பாய்க்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எங்க பெரியவங்க வரணும், அவங்க ஒரு டம்ளர் குடிக்கணும்னு ஆசப்பட்டோம், ஆனா கறி வெந்த பாத்திரம்னா அவங்க தொட மாட்டாங்க. இத எப்படி கேக்கறதுன்னு தயங்கிட்டே இருந்தேன். பாய் கேட்டுட்டு ஒரே வார்த்தைதான், "உங்க அண்டாவ கொண்டாங்க." ஆறு கிலோ பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, கைமாவுக்கு பதிலா கேரட்டும் பீன்ஸும், கடைசியில தேங்காய்ப்பால், புதினா, மல்லி. மத்தியானத்துக்கு மேல அடுப்பு பத்த வச்சாரு. ஷெட்டு முழுக்க விறகு புகை, கஞ்சி ஆவியில லென்ஸ் மூணு தடவ மங்கிடுச்சு, துடைச்சு துடைச்சு எடுத்தோம்.

எல்லாம் முடிஞ்சு உப்பு போடற நேரம். பாய் நோன்பு. நாக்கு நுனியில வச்சு பாத்துட்டு துப்பிடலாம், தேவைன்னா அதுக்கு அனுமதி இருக்குன்னு ஹஜ்ரத் சொல்லியிருக்காரு, ஆனா பாய் அதக்கூட பண்ண மாட்டாராம், இத்தன வருஷமா கைக்கணக்குதானாம். அன்னிக்கு புது அண்டா, கணக்கு புடிபடல. எங்க சங்கத்துல தினம் மத்தியானம் சமைக்கற அம்மா கதவோரமா நின்னுட்டிருந்தாங்க, பள்ளிவாசல் பக்கம் வந்ததே அவங்களுக்கு அதுதான் மொத தடவ. "அக்கா, நீங்க பாத்து சொல்லுங்க"ன்னு கரண்டிய நீட்டுனாரு. அம்மா இடது கையால முந்தானைய இழுத்து செருகிட்டு, வலது உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு வாயில வச்சாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்பறம் "இன்னும் ஒரு கை போடலாம் தம்பி"ன்னாங்க. அவர் திருப்பி கேக்கவே இல்ல, ஒரு கை அள்ளி போட்டு கிண்ட ஆரம்பிச்சாரு. முந்நூறு பேர் பொழுதெல்லாம் பட்டினி கெடந்து வாயில வைக்கப்போற கஞ்சிக்கு உப்பு சொன்னது எங்க அம்மா. வீடியோல அந்த இடத்துல யாரும் பேச மாட்டாங்க, அத அப்படியே விட்டதுக்கு எடிட் பண்ண தம்பிக்கு நன்றி.

அந்த தம்பிக்கு இன்னும் நெறைய நன்றி பாக்கி இருக்கு. அவங்க பக்கம் இசைக்கருவி வேணாம்னாங்க, அதனால மியூசிக்கே இல்லாம விறகு வெடிக்கற சத்தம், கரண்டி உரசற சத்தம் இத வச்சே ஓட்டுனாரு. பாங்கு சத்தம் பதிவாகியிருந்துச்சு, அதுக்கு மேல யார் பேச்சையும் ஏத்தக்கூடாது, பாதியில வெட்டவும் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால அஸர் பாங்குக்கு முன்னாடியே அந்த சீன முடிச்சுட்டாரு. ஆரம்பம் மட்டும் ரெண்டு விதம், எங்க சேனல்ல அருட்பெருஞ்ஜோதி, அவங்க சேனல்ல பிஸ்மில்லாஹ், உள்ள வர்ற வீடியோ ரெண்டுலயும் ஒண்ணுதான். தம்ப்நெயில்ல மட்டும் நான் தப்பு பண்ணேன், ஜோதியையும் பிறையையும் ஒண்ணா சேத்து போட்டுட்டேன். ஜமாஅத் பெரியவர் ஒருத்தர் போன் பண்ணி, இது ரெண்டு மார்க்கத்தையும் கலக்கற மாதிரி இருக்கு தம்பின்னு மெதுவா சொன்னாரு. ஒரு மணி நேரத்துல மாத்தி, அண்டாவுக்குள்ள கரண்டி மட்டும் இருக்கற படத்த வச்சோம். கோவப்படாம போன் பண்ணி சொன்னதுக்கு அவருக்கு நன்றி. விளம்பரத்தையும் ரெண்டு பக்கமும் ஆஃப் பண்ணிட்டோம், கஞ்சிக்கு நடுவுல எந்த விளம்பரம் வந்து நிக்கும்னு நம்ம கையில இல்லல்ல.

வீடியோ வந்த மொத ராத்திரியே கமென்ட்ல கறி சண்ட ஆரம்பிச்சுடுச்சு. முன்னாடியே ஒண்ணு பேசி வச்சிருந்தோம், எங்க ஆளுங்க கோவத்துக்கு நாங்க பதில் சொல்லணும், அவங்க ஆளுங்களுக்கு அவங்க, மாத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கமென்ட் எல்லாத்தையும் நிறுத்தி வச்சு பாத்து பாத்துதான் விட்டோம். "நாங்க வேற வேற வழின்னு வீடியோலயே சொல்லியிருக்கோமே, அந்த இடத்த பாருங்க"ன்னு நேரத்த குறிச்சு குடுத்தா பாதி பேர் அமைதியாயிட்டாங்க. அந்த ஒரு வாக்கியம் இல்லன்னா மறைச்சுட்டீங்கன்னு ஆயிருக்கும். ரெண்டு ராத்திரி தூங்காம பதில் போட்ட ரெண்டு பக்கத்து தங்கச்சிங்களுக்கும் நன்றி.

எங்க சங்கத்து பெரிய ஐயாவுக்கும் நன்றி, கடைசி வரைக்கும் தயங்குனவர், வந்தாரு, ஒரு டம்ளர் கஞ்சி வாங்குனாரு, நோன்பு திறக்கற மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் குடிக்காம அவங்களோட சேந்து தன் கையிலயே வச்சிருந்தாரு.

பாய்கிட்ட நன்றி சொன்னப்ப "அதான் வேணாம்னு ஹஜ்ரத் படிச்சு காமிச்சாருல்ல"ன்னுட்டாரு. அதனால அவருக்கு மட்டும் இங்க சொல்லல. அண்டா இன்னும் எங்களுக்கு திரும்பி வரல. எப்ப எடுத்துக்கட்டும்னு கேட்டேன். கைமா வேணாம்னு சொல்ற வீடுங்களுக்கு நோன்பு முடியற வரைக்கும் அதுலதான் தனியா காய்ச்சறாராம், பெருநா கழிச்சு வாங்கன்னாரு.