எத்தன பன் வித்தா கட்டுபடியாகும்? ஒரு பேக்கரி நோட்டு போட்டோவ வெச்சு நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். நோட்டு பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிட்டு "சார், மாசம் எவ்வளவு ஓடுனா கட்டுபடியாகும், பாத்து சொல்லுங்க"ன்னு கேக்குற கடைக்காரங்க எல்லாருக்கும் தான் இந்த லெட்டர். நாங்க உடனே நம்பர சொல்லாம திரும்ப போன் போட்டு நாலு கேள்வி கேக்குறோம், அதுல சிலருக்கு சலிப்பு இருக்குன்னு தெரியும், கணக்கு தானே கேட்டோம் இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு விசாரணைன்னு. ஏன் கேக்குறோம்னு ஒரு பேக்கரிக்காரரோட பக்கத்த வெச்சே காட்டிடுறோம். அவர்கிட்ட கேட்டுட்டு தான் எழுதுறோம், பேரும் ஊரும் மட்டும் வேணாம்னு சொல்லிட்டாரு.

அவருக்கு ஷோகேஸ் வெச்ச கடையெல்லாம் இல்ல. பட்டறை மட்டும் தான், ஒரே சரக்கு, பன். விடியக்காலைல போட்டு டீக்கடைகளுக்கு சப்ளை. பன்னு 7 ரூபா, டீக்கடைல 10 ரூபாக்கு விக்கும். ஒரே சரக்குங்கறதால "எத்தன பீஸ்"னு நேரா சொல்லிடலாம். பப்ஸ், கேக்கு, ரஸ்க்குன்னு பத்து ஐட்டம் போடுறவங்களுக்கு பீஸ்ல சொல்ல முடியாது, ரூபாய்ல தான் சொல்லணும், அத இன்னொரு தடவ பாத்துக்கலாம்.

மொதல்ல போட்டோவ படிக்கிறது. இது தான் பாதி வேலை. நோட்டுல ஒரு மூட்டை மைதாவுக்கு கணக்கு எழுதியிருந்தாரு: மைதா 50 கிலோ 2,000, சீனி 9 கிலோ 396, டால்டா 4 கிலோ, அதுக்கு நேரா 560ஆ 860ஆ தெரியல, ட்யூப்லைட் நிழல் சரியா அந்த 5 மேல விழுந்திருக்கு. இந்த மாதிரி எடத்துல கண்ண சுருக்கி பாத்து ஊகிக்கக்கூடாது. பக்கத்துலயே கிலோ 140ன்னு எழுதியிருக்காரு, நாலு நூத்திநாப்பது 560, முடிஞ்சது. கீழ கூட்டுத்தொகையோடயும் ஒத்துப்போகணும். ஈஸ்ட் அரை கிலோ 180, உப்பு 14, எல்லாம் கூட்டினா 3,150, அவர் அடிக்கோடு போட்டு எழுதுனதும் 3,150. 860ன்னு எடுத்திருந்தா பன்னுக்கு 20 பைசா ஏறியிருக்கும், அதுக்கப்பறம் வர்ற எல்லா நம்பரும் தப்பு. அதனால தான் ரேட்டு, எடை, தொகை மூணும் ஒரே வரியில இருக்குற மாதிரி எழுதச் சொல்றோம், ஒண்ணு மங்குனாலும் மத்த ரெண்ட வெச்சு மீட்டுடலாம்.

ஒரு மூட்டைக்கு 1,500 பன்னுன்னு எழுதியிருந்தாரு. அத அப்படியே நம்பிடாம சும்மா ஒரு சரிபார்ப்பு: 50 கிலோ மாவு, அதோட சீனி, டால்டா, ஈஸ்ட், உப்பு, தண்ணி 26 கிலோ போல, மொத்த மாவு 90 கிலோ வரும், பிசைஞ்ச மாவ 60 கிராம் உருண்டையா வெட்டுறாரு, அப்ப 1,500 சரி தான். (வேற ஒருத்தர் இதே மாவுக்கு 2,000 பன்னுன்னு எழுதியிருந்தா உருண்டை 45 கிராம்னு அர்த்தம், இல்ல நம்பர் தப்புன்னு அர்த்தம்.)

ஆக ஒரு பன்னுக்கு மூலப்பொருள் 3,150 வகுத்தல் 1,500, அதாவது 2 ரூபா 10 பைசா. கவர் 40 பைசா. கேஸு எப்படின்னா சிலிண்டர் 1,875 ரூபா, ரெண்டரை மூட்டைக்கு ஒண்ணு தீருதுன்னு எழுதியிருக்காரு, மூட்டைக்கு 750, பன்னுக்கு 50 பைசா. மொத்தம் 3 ரூபா. பன்னு கூடக் கூட இந்த செலவு கூடும், போடலன்னா இல்ல. 7 ரூபால 3 போனா கையில நிக்கிறது 4 ரூபா.

இந்த 4 ரூபா லாபம் இல்லைங்க, இத தான் நிறைய பேரு குழப்பிக்கிறீங்க. பன்னு போட்டாலும் போடாட்டியும் மாசம் வந்து நிக்கிற செலவு இருக்கே, வாடகை 12,000, மாஸ்டர் சம்பளம் 24,000, ஹெல்பர் 14,000, டெலிவரி பையன் பெட்ரோலோட 13,000, கரண்ட் 4,500, ஓவன் ட்யூ 7,500, சில்லறை 1,000, ஆக மொத்தம் 76,000, அந்த 4 ரூபா எல்லாம் சேந்து மொதல்ல இத அடைக்கணும். பெட்ரோலு நின்ன செலவுல எப்படி வந்ததுன்னா, 700 பன்னு கொண்டு போனாலும் 900 கொண்டு போனாலும் வண்டி அதே ரூட்டு தான் சுத்துது. ஓவன் ட்யூல அசலும் வட்டியும் கலந்திருக்கு, ஆடிட்டர் பாத்தா அசல செலவுன்னு ஒத்துக்க மாட்டாரு, தேய்மானம் தான் போடணும்பாரு, ஆனா மாசம் 7,500 பேங்குக்கு போறது போறது தான், அதனால இந்தக் கணக்குல நாங்க ட்யூவ தான் எடுக்குறோம்.

76,000 வகுத்தல் 4. 19,000 பன்னு. இது தான் பிரேக் ஈவன், இவ்வளவு வித்தா லாபமும் இல்ல நட்டமும் இல்ல. மாசம் 26 நாள் ஓட்டம்னா நாளைக்கு 731. அவர் நாளைக்கு 900 போடுறதா எழுதியிருக்காரு, மாசம் 23,400. அப்ப பிரேக் ஈவனுக்கு மேல 4,400 பன்னு இருக்கு, அத 23,400ல வகுத்தா 18.8 சதவீதம். இதுக்குப் பேரு மார்ஜின் ஆஃப் சேஃப்டி, வியாபாரம் இன்னும் எவ்வளவு விழுந்தா கை கடிக்க ஆரம்பிக்கும்னு காட்டுற அளவு. கவனிங்க, கீழ வகுக்குறது இப்ப விக்கிற நம்பர, பிரேக் ஈவன் நம்பர இல்ல. 4,400 பன்னுக்கு 4 ரூபா வீதம் 17,600 லாபம். பாத்தா நல்லா தான் இருக்கு, இல்லையா.

ஆனா அதே போட்டோவுல வலது ஓரத்துல, பாதி வெட்டுப்பட்டு, பென்சில்ல "ரி 90"ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குத் தான் போன் போட்டோம். ரிட்டன். நாளைக்கு 900 போடுறாரு, அதுல 90 பன்னு விக்காம திரும்பி வருது, டீக்கடைக்காரங்க வித்ததுக்கு மட்டும் தான் காசு குடுப்பாங்க. திரும்பி வந்தத என்ன பண்றீங்கன்னு கேட்டோம், பக்கத்துல மாடு வெச்சிருக்குறவரு எடுத்துட்டு போயிடுவாருன்னாரு, காசு ஏதும் இல்ல. சில எடத்துல ரிட்டன் பன்ன அறுத்து ரஸ்க்கா வாட்டி விப்பாங்க, அப்படின்னா அந்த வரும்படிய இதுல சேக்கணும், இவர்கிட்ட அது இல்ல.

அப்ப கணக்க மறுபடி போடணும். 3 ரூபா செலவு 900 பன்னுக்கும் ஆகுது, 7 ரூபா வரவு 810க்கு மட்டும் தான். வித்த ஒரு பன்னு தலைல விழற செலவு 2,700 வகுத்தல் 810, அதாவது 3 ரூபா 33 பைசா. நிக்கிறது 4 ரூபா இல்ல, 3 ரூபா 66 பைசா சொச்சம். 76,000த்த இதால வகுத்தா 20,728 (பைசாவ முழுசா வெச்சு வகுக்கணும், வர்ற விடைய எப்பவும் மேல தான் ஏத்தணும், பாதி பன்ன விக்க முடியாது). நெஜமா விக்கிறது 810 பெருக்கல் 26, 21,060. மிச்சம் 332 பன்னு. 18.8 சதவீதம்னு நெனச்சது 1.6 சதவீதம். நாளைக்கு 13 பன்னு கூட இல்ல, ரெண்டு டீக்கடை லீவு விட்டா போச்சு. லாபமும் 17,600 இல்ல, 1,220 ரூபா. இத சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "அதான் சார், ஓட்டம் இருக்கு ஆனா மாசக் கடைசில கையில ஒண்ணும் நிக்கலயேன்னு பாத்தேன்"னாரு.

மைதா மூட்டைக்கு 150 ஏறுச்சுன்னு வெச்சுக்கங்க, பன்னுக்கு வெறும் 10 பைசா தான், ஆனா 23,400 பன்னுக்கு 2,340 ரூபா, 1,220 லாபம் நட்டமா மாறிடும். இது போக அவர் சம்பளம் அந்தப் பக்கத்துல எங்கயுமே இல்ல. காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு நிக்கிற மனுசன், தனக்கு 15,000 போட்டுக்கிட்டா நின்ன செலவு 91,000, பிரேக் ஈவன் 24,819, அவர் போடுற மொத்தமே அவ்வளவு இல்ல. சொந்தக் கடை தானேன்னு நீங்க எல்லாரும் விடுற வரி இது.

சரி என்ன பண்ணலாம்னு கேட்டாரு. எந்தக் கடையில எவ்வளவு திரும்புதுன்னு ஒரு வாரம் தனித்தனியா எழுதச் சொன்னோம், பெரும்பாலான ரிட்டன் நாலே கடையில இருந்து தான். அங்க குறைச்சு போட்டு மொத்தம் 840 ஆக்குனா, ரிட்டன் 40ஆ எறங்கி 800 விக்கும்னு அவரே கணிச்சாரு. 10 பன்னு கம்மியா விக்குது, லாபம் என்னமோ 4,080 ஆகுது. பிரேக் ஈவன் 19,741க்கு எறங்கி, மார்ஜின் 5 சதவீதம். அதோட விலைய 50 பைசா ஏத்தி 7.50 ஆக்குனா, ஓட்டம் விழாம இருந்தா, பிரேக் ஈவன் 17,472, மார்ஜின் 16 சதவீதம். ஆனா அந்த "விழாம இருந்தா" இருக்கே, அத நோட்டு சொல்லாது, டீக்கடைக்காரருக்கு 3 ரூபா நின்ன எடத்துல ரெண்டரை தான் நிக்கும், அவர் வேற பட்டறைக்கு மாறிட்டா கதையே வேற. அதனால மொதல்ல ரிட்டன குறைங்க, விலைய அப்பறம் பாக்கலாம்னு தான் நாங்க சொன்னோம்.

இன்னொண்ணு, இந்தக் கணக்கு இப்ப இருக்குற ஆளு, இப்ப இருக்குற ஓவன் வரைக்கும் தான் செல்லும். ஒரு நாளைக்கு 1,200, 1,300ன்னு போனா இன்னொரு ஹெல்பர் வேணும், 76,000 ஒரே தாவா 90,000 ஆகும், அப்ப பழைய பிரேக் ஈவன வெச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. மைதா, சீனி ரேட்டு மாறுனாலும் திரும்ப போடணும், அதனால ரேட்டு எழுதுன தேதியையும் பக்கத்துல போட்டுடுங்க.

இனிமே போட்டோ அனுப்பும்போது பகல் வெளிச்சத்துல, நோட்ட தட்டையா வெச்சு, நாலு ஓரமும் தெரியுற மாதிரி எடுங்க, ஓரத்துல கிறுக்குனத சும்மா கிறுக்கல்னு வெட்டிடாதீங்க. போட்டது எத்தன, வித்தது எத்தன, திரும்புனது எத்தன, மூணும் தனித்தனியா வேணும். உங்க சம்பளம்னு ஒரு வரி, பூஜ்யமா இருந்தாலும் பரவால்ல, எழுதி அனுப்புங்க. மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வந்துட்டா பத்தாம் தேதிக்குள்ள நம்பர் சொல்லிடுவோம், நடுவுல போன் வந்தா எடுங்க.

இப்படிக்கு,
உங்க கணக்கு ஆபீஸ்