கம்பளியை மேலே அல்ல, கீழே கொடுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் டென்ட் வாடகைக்கு விடும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன டிசம்பரில் உங்களில் ஒருவரிடம் டென்ட் எடுத்து, அம்மாவோடும் மகளோடும் ஓர் இரவு தங்கினேன். ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக், அடியில் காற்றடித்த மெத்தை. படுத்தபோது சுகமாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மேலே குளிரலைம்மா, இடுப்புலதான் ஐஸ் வச்ச மாதிரி இருக்கு" என்றார். காவலுக்கு இருந்த தம்பி முகம் சுளிக்காமல் இரண்டு கம்பளி கொண்டுவந்து தந்தார். இரண்டையும் மேலே போர்த்தினோம். இடுப்பு சில்லென்றேதான் இருந்தது.

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தருவதில்லை. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று போய்விடுகிறது. மெத்தைக்குள் காற்று இருக்கிறதே என்பீர்கள். அது சுழலும் காற்று. உடம்பிடம் வாங்கிய சூட்டைத் தரையிடம் கொடுத்துவிட்டு வரும். மெத்தை எத்தனை உயரமானாலும் இதுதான் கதி.

கடைசியில் ஒரு கம்பளியை இரண்டாக மடித்து மெத்தைமேல் விரித்து, அதன்மேல் மகளின் யோகா மேட்டைப் போட்டு அம்மாவைப் படுக்கவைத்தேன். அரை மணியில் தூங்கிவிட்டார்.

முகாம் மெத்தைகளுக்கு 'ஆர் மதிப்பு' என்று ஓர் எண் உண்டு. எண் கூடினால் தரைக்குப் போகும் சூடு குறையும். காற்று மட்டும் அடைக்கும் சாதா மெத்தைக்கு அது பெரும்பாலும் 1 கூடத் தேறாது. 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் உங்கள் இரவுகளுக்கு 3 ஆவது வேண்டும். நல்ல விஷயம், அடுக்கினால் இந்த எண் கூடும்: 2 உள்ள ஃபோம் ஷீட் இரண்டு போட்டால் 4. மூடிய குமிழ்கள் கொண்ட கெட்டி ஷீட்டாக வாங்குங்கள். சோபா ஸ்பாஞ்ச் நசுங்கிவிடும், ஈரத்தையும் குடிக்கும்.

இன்னொன்று, கம்பத்தில் விடிய விடிய எரிந்த வெள்ளை ஃபோகஸ் லைட். டென்ட் துணி அதைத் தடுக்கவில்லை. கூச்சம் தாங்காமல் மகள் தலையையும் பைக்குள் இழுத்துக்கொண்டாள். மூச்சின் ஈரம் பைக்குள்ளேயே தங்கி, விடியும்போது கழுத்துப் பக்கம் நனைந்திருந்தது. ஈரப் பஞ்சு சூட்டைக் காக்காது. கழிவறை வழிக்கு மட்டும், தரையைப் பார்த்த சின்ன மஞ்சள் விளக்கு போதும். டென்ட்டுக்கு ஒரு டார்ச் கொடுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் சத்தத்துக்கும் துணி தடையாகாது. அதைப் பத்து மணிக்கு நிறுத்த முடியாதென்றால் மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள்.

இனி யாராவது இரவில் குளிருதென்று வந்தால், எங்கே என்று கேளுங்கள். இடுப்பும் தோளும் என்றால் கம்பளி அடியில் போக வேண்டும். நெஞ்சும் முழங்காலும் என்றால் மேலே.

அன்புடன்,
ஒரு டிசம்பர் விருந்தாளி